பத்து வயசு வித்தியாசம்: முதல் பேச்சிலேயே சொல்லிவிடும் வழி

தண்டையார்பேட்டைப் பையனுக்கு 39, ராயபுரத்துப் பெண்ணுக்கு 29, துணை தேடி முதல்முறை சந்திக்கிறார்கள் என்று வையுங்கள். "முப்பதுகள்ல இருக்கேன்" என்று மழுப்பினால் பிறகு ஆதார் காட்டிக்கொடுக்கும். அப்போது வயசைவிட மறைத்ததுதான் உறுத்தும். எனக்குச் சரிப்பட்டது பிறந்த வருஷத்தைச் சொல்வது. முதல் டீ ஆறுவதற்குள், "நான் 1986, நீங்க 1996. நான் பிளஸ் டூ எழுதறப்போ நீங்க ரெண்டாங்கிளாஸ். உங்களுக்கு இது நெருடுதா?" இவ்வளவே.

கேட்டபின் வாயை மூடணும், அதுதான் கஷ்டம். "வயசு வெறும் நம்பர்" என்று முந்திக்கொண்டால் அவர் தயக்கத்தைச் சொல்லவே மாட்டார். அவர் சிரித்துவிட்டு, "குழந்தை எப்போன்னு யோசிச்சீங்களா?" என்று திருப்பிக் கேட்டால் பேச்சு நகர்கிறது. "பரவால்லங்க" என்று மட்டும் சொல்லி போனைப் பார்த்தால் நெருடுகிறது, வற்புறுத்தாதீர்கள். உங்களையே அங்கிள் என்று கேலி செய்யும் ஜோக் ஒன்று போதும். இரண்டாவது ஜோக் ஆறுதல் கேட்பதுபோல் ஆகிவிடும்.