நடித்துப் பழகாத பெரியம்மாவுக்கு வசனம் எழுதுவது எப்படி

ஆறு நிமிடக் குறும்படம். அம்மா வேடத்துக்கு என் பெரியம்மா, மகனாக நாடகத்தில் கொஞ்சம் பழகிய ஒரு நண்பன். கதை சின்னதுதான். சென்னையில் வேலையை விட்டுவிட்டு, வீட்டில் சொல்லாமல் ஊருக்கு வந்து நிற்கிறான் மகன். அவன் வாயைத் திறக்கும் முன்பே அம்மாவுக்குப் புரிந்துவிடுகிறது. நான் முதலில் எழுதிய வசனம் இது:

"முருகா, நீ சென்னையில இருந்து திடீர்னு வந்திருக்கியே, வேலையில ஏதாவது பிரச்சனையா? அப்பாகிட்ட சொல்லிட்டியா?"

பேச்சுத்தமிழில்தானே இருக்கிறது என்று நினைத்தேன். பெரியம்மா பேசியதும் பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பது போல இருந்தது. குறை அவரிடம் இல்லை. 'சென்னையிலிருந்து', 'வந்திருக்கிறாயே' என்பதையெல்லாம் பேச்சு வழக்குக்கு மாற்றிவிட்டேனே தவிர, வாக்கியத்தின் எலும்புக்கூடு எழுத்துத்தமிழாகவே இருந்தது. இந்த வசனத்தைச் சரிசெய்த கதையைத்தான் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: எழுதாதீர்கள், பதிவு செய்யுங்கள்

நடிக்கப் போகிறவரிடம் சொல்லிவிட்டு, போனில் ரெக்கார்டரைப் போட்டு ஓரமாக வையுங்கள். இருபது நிமிடம் போதும். காட்சிக்குப் பக்கத்தில் இருக்கிற ஏதாவது நிஜ சம்பவத்தைக் கேளுங்கள். "அண்ணன் முதல் வேலைய விட்டுட்டு வந்தப்ப என்ன சொன்னீங்க பெரியம்மா?" என்று நான் கேட்டேன். முதல் ஐந்து நிமிடம் பேச்சு விறைப்பாகத்தான் இருக்கும். அப்புறம் போன் இருப்பதே மறந்துவிடும்.

இரண்டாவது படி: இரண்டே நிமிடத்தை அப்படியே எழுதுங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுங்கள். பதிவில் நன்றாகப் பேசிய இரண்டு நிமிடத்தை எடுத்து, திருத்தாமல், 'இந்தா', 'ம்', 'அது வந்து' எல்லாவற்றோடும் காகிதத்தில் எழுத வேண்டும். எனக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. எழுதி முடித்துப் பார்த்ததில் மூன்று விஷயங்கள் கண்ணில் பட்டன.

ஒன்று, 'நீ', 'அவன்' எல்லாம் பெரும்பாலும் வாக்கியத்தின் தொடக்கத்தில் இல்லவே இல்லை. தமிழில் வினைமுற்றே யார் என்று சொல்லிவிடுகிறது. "சாப்ட்டியா" என்றாலே போதும். அழுத்தம் வேண்டுமென்றால் வினைக்குப் பின்னால் வருகிறது: "சாப்ட்டியா நீ?", "எப்ப வந்தான் அவன்?" என் வசனத்திலோ 'முருகா, நீ' என்று இரண்டும் முன்னால் வரிசை கட்டி நின்றன.

இரண்டு, எதிராளி சொன்ன கடைசிச் சொல்லைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் அவர் பதிலுக்கே போகிறார். "நாளைக்குப் போறேன்" என்றால், "நாளைக்கா?" யோசிப்பதற்கு அவர் எடுத்துக்கொள்கிற நேரம் அது.

மூன்றாவது, நான் சென்னையில் வளர்ந்தவன், அவர் திருநெல்வேலிப் பக்கம். நான் 'சொல்றேன்' என்று எழுதினால் அவர் வாயில் 'சொல்லுதேன்' என்றுதான் வரும். பெரியப்பாவைப் பற்றிப் பேசும்போது 'அவிய' என்பார். என் 'சொல்றேன்'ஐ அப்படியே சொல்ல முயன்றதால்தான் ஒவ்வொரு சொல்லிலும் தடுக்கி நின்றார். இதற்காக நெல்லைத் தமிழை நாமாக இட்டுக்கட்டி எழுதவும் கூடாது. பதிவில் இருப்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வாக்கியத்துக்கு ஒரு 'ஏல' போட்டால் நகைச்சுவைத் துணுக்காகிவிடும்.

மூன்றாவது படி: தகவலை வசனத்திலிருந்து வெளியே எடுங்கள்

மகன் சென்னையில் இருக்கிறான் என்பது அம்மாவுக்குத் தெரியும், மகனுக்கும் தெரியும். தெரியாதவர் பார்வையாளர் மட்டும்தான். அவருக்காகப் பேசும் வரியைத் தேர்ந்த நடிகர் ஒருவேளை சமாளித்துவிடுவார், பெரியம்மாவால் முடியாது. ஏனென்றால் நிஜத்தில் அவர் அப்படி யாரிடமும் பேசியதே இல்லை. ஆகவே தகவலைப் பொருளுக்கு மாற்றினேன். மகன் கையில் ஒரு பெரிய பெட்டி. இரண்டு நாள் லீவில் வருகிறவன் அவ்வளவு பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரமாட்டான்.

அதோடு, ஒரு மூச்சில் ஒரு கேள்விதான். என் பழைய வரியில் இரண்டு கேள்விகள் அடுத்தடுத்து இருந்தன. நிஜத்தில் முதல் கேள்விக்குப் பதில் வராமல் இரண்டாவது பிறக்காது. திருத்திய வடிவம்:

அம்மா: சாப்ட்டியா?
மகன்: ம்.
அம்மா: எத்தன நாள் லீவு?
மகன்: பாக்கணும்மா.
அம்மா: பாக்கணுமா? (கீரையை ஆய்கிறார்) பெட்டி என்னல இவ்ளோ பெருசா இருக்கு?
(மகன் பேசவில்லை)
அம்மா: அவியளுக்குத் தெரியுமா?

'வேலை', 'பிரச்சனை' என்ற சொற்களே இல்லை. அழவும் சொல்லவில்லை. நடித்துப் பழகாதவரிடம் உணர்ச்சியை எழுதிக் கொடுத்தால் அதை முகத்தில் வரவழைக்கப் பார்ப்பார். பெட்டியைப் பற்றிக் கேட்கச் சொன்னால் கேட்டுவிடுவார்.

நான்காவது படி: காகிதத்தைக் கொடுக்காதீர்கள்

காகிதம் கைக்குப் போனால் மனப்பாடம் தொடங்கிவிடும். உட்காரவைத்து வாயாலேயே சொல்லுங்கள்: "முதல்ல சாப்பாடு, அப்புறம் லீவு, அப்புறம் பெட்டி, கடைசியில பெரியப்பாவுக்குத் தெரியுமான்னு கேக்கணும் பெரியம்மா." நான்கு கொக்கிகள், அவ்வளவுதான். இடையில் எந்தச் சொல் வந்தாலும் சரி. கடைசிக் கேள்வியை மட்டும் மாற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன், ஏனென்றால் அதோடுதான் காட்சி முடிகிறது. எதிரே நடிப்பவர் கொஞ்சம் அனுபவசாலியாக இருப்பது நல்லது. சொல் மாறினாலும் அவர் பதற மாட்டார்.

கைக்கு நிஜமான வேலை கொடுங்கள். முருங்கைக்கீரை ஒரு கட்டு வாங்கி வைத்தேன். நடிப்புக்காக ஆயச் சொல்லவில்லை. அன்றைக்கு மதியம் அந்தக் கீரைதான் பொரியல். "இயல்பா பேசுங்க" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சொன்ன மறுநிமிடமே தன் குரலைத் தானே கேட்க ஆரம்பித்துவிடுவார். ஒத்திகையையும் கேமராவை ஓடவிட்டே பாருங்கள். நல்லது பலமுறை அதில்தான் கிடைக்கும்.

ஒப்பிக்கிறாரா என்று கண்டுபிடிப்பது

படத்தைப் பார்க்காமல் ஒலியை மட்டும் கேளுங்கள். எல்லாச் சொல்லும் ஒரே வேகத்தில், ஒவ்வொரு சொல்லின் கடைசி எழுத்தும் தெளிவாகக் கேட்டால் ஒப்பிக்கிறார் என்று அர்த்தம். எதிராளி முடித்ததும் ஒவ்வொரு முறையும் ஒரே அளவு இடைவெளி விட்டுப் பேசினாலும் அப்படித்தான். இரண்டு டேக்கிலும் இப்படி இருந்தால் மூன்றாவது எடுக்காமல் வரியைச் சுருக்குங்கள். தடுக்கும் இடத்தில் சொல்லை மாற்றி, "இத நீங்க எப்படிக் கேப்பீங்க?" என்று அவரிடமே கேளுங்கள்.

இந்த முறைக்கு ஒரு தொல்லை உண்டு. டேக்குக்கு டேக் சொற்கள் மாறுவதால் எடிட்டிங்கில் ஒட்டாது. அதனால் பெரியம்மாவின் முழுக் காட்சியையும் வெட்டாமல் ஒரே ஷாட்டில் எடுத்துவிட்டேன். பிறகு தனியாகக் கீரை ஆயும் கைகள், கேட்டுக்கொண்டிருக்கும் மகனின் முகம், மூலையில் பெட்டி என்று மூன்று ஷாட்டுகள். வெட்ட வேண்டிய இடத்தில் இவற்றில் ஒன்றை மேலே போட்டு மறைத்துவிடலாம்.

நாலாவது டேக்கில், "பெட்டி என்னல இவ்ளோ பெருசா இருக்கு?" என்று கேட்டுவிட்டு, நண்பன் பேசாமல் நின்றதும் பெரியம்மா கீரைத்தட்டை நகர்த்தி வைத்தார். "சரி, அத உள்ள கொண்டு வை மொதல்ல" என்றார். நான் எழுதாத வரி அது. படத்தில் அதுதான் இருக்கிறது.