புதியவருக்கு வரவேற்புச் செய்தி: அவசர சாட் செய்தியைத் திருத்தி எழுதும்போது எங்கே தவறுகிறோம்?

குழு சாட்டில் காலையில் அவசரமாகத் தட்டிய செய்தி இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

"ஹாய் டீம், நம்ம புது ஜாயினி வந்தாச்சு!! போன மாசம் போனவரோட வேலைக்கு வந்திருக்காங்க. எல்லாரும் வெல்கம் பண்ணிடுங்க. டவுட்னா யார்கிட்ட வேணும்னாலும் கேளுங்க. ஆக்சஸ் எல்லாம் இன்னிக்குள்ள வந்துடும். கலக்குங்க!"

"இதைக் கொஞ்சம் ஒழுங்கா எழுதிக் கொடுங்க" என்று யாராவது கேட்டால், பெரும்பாலோர் முதலில் மொழியில்தான் கை வைப்பார்கள். "எங்கள் குழுவிற்குத் தங்களை அன்புடன் வரவேற்பதில் பெருமகிழ்ச்சி அடைகிறோம்" என்று ஆரம்பித்துவிடுவார்கள். இது முதல் தவறு. இந்தச் செய்தியின் குறை பேச்சு நடை அல்ல. சாட்டில் "வாங்க" என்று எழுதுவது இயல்புதான். குறை என்னவென்றால், படித்து முடித்த பிறகும் புதியவருக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. நடையை மட்டும் மேடைப் பேச்சாக்கினால் அந்தக் குழப்பம் அப்படியே இருக்கும், கூடவே அந்நியமும் சேர்ந்துகொள்ளும்.

செய்தியை மறுபடி படித்துப் பாருங்கள். வந்தவரின் பெயரே இல்லை. முதல் பாதி குழுவிடம் பேசுகிறது, நடுவில் சொல்லாமலே அவர் பக்கம் திரும்புகிறது. அவரோ எல்லோர் முன்னாலும் தன்னைப் பற்றிப் பேசுவதைக் கேட்டுக்கொண்டு நிற்பவர்போல ஆகிவிடுகிறார். இரண்டு பேருக்கும் தேவை வேறு. குழுவுக்கு, இவர் எந்த வேலையைப் பார்ப்பார், எப்போதிலிருந்து அதை இவரிடம் கொடுக்கலாம் என்று தெரிய வேண்டும். அவருக்கு, இன்று யாரைப் பார்க்க வேண்டும் என்று தெரிய வேண்டும். ஆகவே இரண்டு பத்தியாகப் பிரிப்பதுதான் திருத்தத்தின் முதல் வேலை.

"யார்கிட்ட வேணும்னாலும் கேளுங்க" என்ற வரியைப் பலர் அன்பான வரி என்று விட்டுவைப்பார்கள். எனக்கு இதுதான் மிக மோசமான வரி. முகம் தெரியாத இருபது பேரில் யாரைத் தொந்தரவு செய்வதென்று தெரியாமல், முதல் நாளில் ஒருவர் கேட்காமலே இருந்துவிடுவார். ஒரே ஒருவர் பெயரைச் சொல்லுங்கள். அதற்கு முன் அந்த ஒருவரிடம் நேரம் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

அப்புறம், "ஆக்சஸ் இன்னிக்குள்ள வந்துடும்." அனுமதி கொடுப்பது வேறு பிரிவின் கையில் இருக்கும்போது இப்படி வாக்குக் கொடுத்தால், மாலைவரை வராதபோது அவர் தன் தவறோ என்று நினைப்பார். எழுதுவதற்கு முன் அந்தப் பிரிவிடம் விசாரியுங்கள். வராவிட்டால் என்ன செய்வது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

"போன மாசம் போனவரோட வேலைக்கு" என்பதை எடுத்தே ஆக வேண்டும். முதல் நாளே ஒப்பீட்டில் நிறுத்துகிற வரி அது. அதேபோல, பழைய நிறுவனம், குடும்பம், புகைப்படம் எதையும் அவரிடம் கேட்காமல் சேர்க்காதீர்கள். பெயரை எப்படி எழுதுவார், எப்படி அழைக்க விரும்புவார் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் பத்தியை அவருக்குக் காட்டிவிட்டுப் போட இரண்டு நிமிடம் போதும்.

வந்தவர் பெயர் கவிதா, துணைக்கு இருப்பவர் செந்தில், வேலை வாடிக்கையாளர் புகார் என்று வைத்துக்கொண்டு எழுதினால்:

"கவிதா இன்று நம் குழுவில் சேர்ந்திருக்கிறார். வரும் புகார்களைப் பிரித்து உரியவரிடம் சேர்ப்பது அவர் வேலை. முதல் இரண்டு வாரம் பழைய புகார்களைப் படித்துப் பழகுவார். அதுவரை புதிய புகார்களை எப்போதும்போல செந்திலுக்கே அனுப்புங்கள்.

கவிதா, வாங்க. இந்த வாரம் உங்களுக்குத் துணை செந்தில். 11 மணிக்கு அழைப்பார், எந்தச் சந்தேகமும் அவரிடம் கேட்கலாம். புகார்ப் பதிவேட்டுக்கான அனுமதி நாளை மதியம் கிடைக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். கிடைக்காவிட்டால் செந்திலிடம் சொல்லுங்கள், அவர் பேசுவார். இன்று 'முதல் வாரம்' என்ற கோப்பைப் படித்தால் போதும். 4 மணிக்கு எல்லோரும் 15 நிமிடம் சந்திக்கிறோம். நீங்கள் எதுவும் தயார் செய்ய வேண்டாம்."

அளவில் பழையதைவிடப் பெரியதுதான். ஆனால் இதில் எந்த வரியை எடுத்தாலும் யாரோ ஒருவர் ஒரு கேள்வியோடு நிற்பார். குழுவின் சுருக்கப் பெயர்களும் உள்வட்டக் கிண்டல்களும் இதில் இல்லை. பழையவர்களுக்கு மட்டும் சிரிப்பு வரும் ஒரு வரி, புதியவரை வெளியே நிறுத்திவிடும்.

கடைசியாக, போடும் நேரம். அவரைச் சாட்டில் சேர்ப்பதற்கு முன்பே செய்தியைப் போட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. அப்போது அவருக்கு அறிவிப்பு வராது. சில செயலிகளில், சேர்வதற்கு முன் வந்த செய்திகள் கண்ணிலேயே படாது. அவர் கணக்கு திறந்து, சாட்டுக்குள் வந்துவிட்டாரா என்று உறுதிசெய்துகொண்டு, பெயரைக் குறிப்பிட்டு, 11 மணி அழைப்புக்கு முன்பே போட்டுவிடுங்கள்.