வெளிநாட்டில் இருப்பவருக்கு வீடியோ காலில் ஃபிளாட் காட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீடியோ காலில் பார்த்து "பிடிச்சிருக்கு" என்று சொன்னவர், நேரில் வந்து நின்றதும் பின்வாங்குவது அடிக்கடி நடக்கிறது. காட்டியவர் பொய் சொல்லியிருக்க மாட்டார். போன் கேமராவும் கால் ஆப்பும் தாமாகவே சிலவற்றை மறைக்கும். அவற்றை அவர் எடுத்துச் சொல்லாமல் விட்டிருப்பார்.

முதல் தவறு 0.5x லென்ஸ். அறை முழுவதும் ஒரே பார்வையில் தெரியட்டும் என்று அதற்கு மாற்றுகிறோம். சிறிய அறைகூட ஹால் மாதிரி விரிந்து தெரிகிறது. பின்பக்க கேமராவை 1xல் வைத்து, அறை மூலையில் நின்று மெதுவாகத் திருப்புங்கள். பிறகு டேப்பைத் தரையில் நீட்டி, எண் தெரியும்படி கிட்டே காட்டுங்கள். அளவைச் சொல்வதோடு நிறுத்தாமல், அதில் என்ன அடங்கும் என்றும் சொல்ல வேண்டும். படுக்கையறை 12க்கு 10 அடி என்று வைத்துக்கொள்வோம். 6 அடி அகலம், 6.5 அடி நீளமுள்ள கட்டிலின் தலைமாட்டை 12 அடிச் சுவரில் ஒட்டிப் போட்டால், இரண்டு பக்கமும் 3 அடி கிடைக்கும். கால்மாட்டில் 3.5 அடிதான் மிச்சம். எதிர்ச் சுவரில் 2 அடி ஆழ அலமாரி வைத்தால் நடக்க 1.5 அடி, அலமாரிக் கதவை முழுதாகத் திறக்க முடியாது. இதை நீங்களே சொல்லிவிட்டால் அடுத்து நீங்கள் சொல்வதையும் அவர் நம்புவார்.

இரண்டாவது, பலர் கவனிக்காதது, சத்தம். கால் ஆப்புகள் பேச்சு தெளிவாகக் கேட்பதற்காகப் பின்னணி இரைச்சலை அடக்கிவிடும். பால்கனிக்குக் கீழே பஸ் ஹாரன் அடித்தாலும் அந்தப் பக்கம் சரியாகக் கேட்காமல் போகலாம். அதனால் போனின் சாதாரண கேமராவில், ஜன்னலைத் திறந்து ஒரு நிமிடம், மூடி ஒரு நிமிடம் வீடியோ எடுத்துத் தனியாக அனுப்புங்கள். போக்குவரத்து மிகுந்த நேரத்தில் எடுத்தால்தான் அதற்குப் பயன். ஓதமும் முடி போன்ற விரிசலும்கூட இப்படித்தான் தப்பிவிடும்; சிக்னல் குறைந்தால் படம் மங்கி, கறை படிந்த சுவர் புதுப் பெயின்ட் மாதிரி தெரியும். அந்த இடங்களில் நான்கைந்து விநாடி அசையாமல் நில்லுங்கள். கூடவே போட்டோ எடுத்து, வாட்ஸப்பில் டாக்குமென்டாக அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும்.

இதற்கெல்லாம் முதல் நாளே ஒத்திகை வேண்டும். மறுநாள் பேசப்போகும் அதே நேரத்தில் ஒருவருக்கு கால் போட்டு, பாத்ரூம், ஸ்டோர் ரூம் உட்பட எல்லா இடத்துக்கும் நடந்து பாருங்கள். வீட்டு வைஃபையில் தொடங்கி வாசலைத் தாண்டினால், மொபைல் டேட்டாவுக்கு மாறும்போது படம் உறையும். டேட்டா போதுமான வேகத்தில் கிடைத்தால் தொடக்கத்திலிருந்தே அதையே பயன்படுத்துங்கள். லிஃப்டிலும் அடித்தளப் பார்க்கிங்கிலும் கால் கட் ஆக வாய்ப்பு அதிகம். வீட்டை முடித்துவிட்டு, கீழே போய் மறுபடி அழைப்பதாகச் சொல்லி வைத்துவிடலாம். சிக்னலே இல்லையென்றால் பார்க்கிங்கை வீடியோவாக எடுத்து அனுப்பலாம். நேர வித்தியாசமும் சிக்கல்தான். அவருடைய வசதிக்காக இங்கே இருட்டிய பிறகு காட்டினால் வெளிச்சம் எப்படி என்பதே தெரியாது. அவருடைய விடுமுறை நாளில், இங்கே பகலாக இருக்கும் நேரத்தைக் கேளுங்கள். இரண்டு ஊர் நேரத்தையும் எழுதி அனுப்புங்கள். ஜன்னலுக்கு எதிரே கேமராவைப் பிடித்தால் அறை இருண்டுவிடும், அதனால் ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்று அறையைக் காட்டுங்கள்.

பேச்சில் நடக்கும் தவறு, வர்ணனை. "நல்லா விசாலமா இருக்கு" என்பதிலிருந்து அவருக்கு எதுவும் கிடைக்காது. இப்படித் தொடங்கலாம்: "அரை மணி நேரம் ஆகும். வாசல்ல இருந்து வலது கைப் பக்கமா சுத்தி வர்றேன். எங்க வேணாலும் நிறுத்தச் சொல்லுங்க." ஒவ்வொரு அறைக்குள் நுழையும் முன்பும் எங்கே நிற்கிறீர்கள், எந்தத் திசையைப் பார்க்கிறீர்கள் என்று சொல்லுங்கள், இல்லாவிட்டால் எந்த அறைக்குப் பக்கத்தில் எது என்று அவருக்குக் குழம்பிவிடும். குழாயைத் திறந்து காட்டினால் மட்டும் போதாது. 10 லிட்டர் பக்கெட்டை வைத்து நேரம் பாருங்கள்: ஒரு நிமிடத்தில் நிரம்பினால் நிமிடத்துக்கு 10 லிட்டர், இரண்டு நிமிடம் ஆனால் 5 லிட்டர். வாசனையை கேமரா காட்டாது. பாத்ரூமில் சாக்கடை நாற்றம் அடித்தால் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். பதில் தெரியாத கேள்விக்கு "கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லி, அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள்.

அந்தக் குறிப்புதான் கால் முடிந்த பிறகு முக்கியம். அன்றைக்கே ஒரே மெசேஜில் அறை அளவுகள், நீங்கள் காட்டிய குறைகள், பாக்கிக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் யாரிடமிருந்து எந்தத் தேதிக்குள் பதில் வரும் என்று எழுதுங்கள். வீடியோ காலைப் பதிவு செய்திருந்தால் முன்னதாகவே அனுமதி கேட்டிருக்க வேண்டும். மறுநாளே "முடிவு பண்ணிட்டீங்களா?" என்று கேட்பதைவிட, இரவு 9 மணிக்கு இன்னொரு சிறிய கால் போட்டு, அந்த நேரத்துப் பார்க்கிங்கையும் தெரு விளக்கையும் காட்டுவது பலன் தரும். அவருடைய உறவினரோ அவர் அமர்த்திய இன்ஜினியரோ நேரில் வந்து பார்க்கட்டும். முன்பணப் பேச்சை அதற்குப் பிறகு எடுங்கள்.