எம்.டி.யைப் பார்க்க, பி.ஏ.வுக்கு எப்படி எழுதுவது?

ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலை எம்.டி.யைச் சந்திக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய நேரம் முழுக்க பி.ஏ. கையில்தான் இருக்கும். "விஷயத்தை சாரிடம் மட்டும்தான் சொல்வேன்" என்று எழுதினால் மெயில் அங்கேயே நின்றுவிடும். காரணம் தெரியாமல் அவர் எப்படி நேரம் கேட்பார்?

ரிசப்ஷனில் போன் செய்து பி.ஏ.வின் பெயரைக் கேட்டுக்கொண்டு, அவருக்கே எழுதுங்கள்:

"வணக்கம் மேடம். வேலூரில் தோல் பதனிடும் ரசாயனங்கள் சப்ளை செய்கிறோம். கழிவுநீரில் உப்பைக் குறைக்கும் முறை பற்றி சாரிடம் 15 நிமிடம் பேச வேண்டும். வரும் செவ்வாய் அல்லது வியாழன், சாருக்குத் தோதான நேரத்தைச் சொன்னால் வருகிறேன். முதலில் புரொடக்‌ஷன் மேனேஜரைப் பார்ப்பதுதான் சரி என்றால், அதையும் சொல்லுங்கள்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். முடியாது என்று சொல்லச் சங்கடப்பட்டு பதிலே போடாமல் விடுபவருக்கு, அது ஒரு வழி தருகிறது. பி.ஏ. அனுப்பியவர் என்றால் மேனேஜரும் மதித்துப் பேசுவார்.

பெரிய பிரோஷர் எதையும் இணைக்க வேண்டாம். மெயிலை அப்படியே சாருக்கு ஃபார்வர்டு செய்ய முடிந்தால் போதும். பதில் வராவிட்டால், ஒரு வாரம் கழித்து அதே மெயிலுக்குக் கீழே ஒரே வரியில் நினைவூட்டுங்கள். அதற்குள் எம்.டி.யின் செல்லுக்கு நேராக அடித்துவிடாதீர்கள். அவரும் பி.ஏ.விடம்தான் "யார் இவர்?" என்று கேட்பார்.