அழைப்பு வந்தால் தகர ஒலி: என் அனுபவம்

கும்பகோணத்தில் வீட்டிலிருந்தே தவில் வகுப்பு எடுக்கும் நான், புளூடூத் ஹெட்போனில் மாதிரிப் பதிவு எவ்வளவு துல்லியமாகக் கேட்டாலும், வீடியோ அழைப்பில் சேர்ந்த கணமே தவிலின் தொப்பிப் பக்க முழக்கம் அடங்கி, ஜால்ராவின் மினுக்கம் மறைந்து, எல்லாம் தகர டப்பாவுக்குள் ஒலிப்பதைக் கண்டு ஹெட்போனையே சந்தேகித்தேன்.

அழைப்பை முடித்ததும் ஒலி சில நொடிகளில் தானாகவே சீரானதுதான் துப்பு. வழக்கமான புளூடூத்தில் இசைக்கான ஸ்டீரியோ முறை ஒலியை ஒரு திசையில் மட்டுமே அனுப்பும். ஹெட்போனின் மைக்கை எந்தச் செயலியாவது திறந்தால், கணினி இருவழி அழைப்பு முறைக்கு மாறிவிடுகிறது. பழைய வகை அழைப்பு முறையில் நொடிக்கு 8,000 ஒலி மாதிரிகளே எடுக்கப்படுவதால், அதில் பாதியான 4,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலி வரவே வராது, அதுவும் மோனோதான்.

விண்டோஸில் Settings > System > Sound சென்று, Input பகுதியில் லேப்டாப்பின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுத்து, Output பகுதியில் ஹெட்போனை அப்படியே விட்டேன். அழைப்புச் செயலி தனக்கென ஒரு மைக்கை நினைவில் வைத்திருந்ததால் (இதில்தான் அரை நாள் போயிற்று) அங்கும் மாற்றிய பிறகே முழக்கம் திரும்பியது. லேப்டாப் மைக் மின்விசிறி இரைச்சலையும் சேர்த்தே பிடிப்பதால், இப்போது யூஎஸ்பி மைக் ஒன்றைப் பயன்படுத்துகிறேன்.