நின்று நின்று ஓடும் பக்கெற் லைன்: எங்கே போகிறது நேரம்?

கிளிநொச்சிப் பக்கத்தில் வறுத்த அரிசிமா பக்கெற் பண்ணும் சிறு ஆலை ஒன்றை உதாரணமாக எடுப்போம். மெசின் நின்று நின்றுதான் ஓடும். ஆனால் பழுதுக் கொப்பியைப் பார்த்தால் அன்றைக்கு மின்வெட்டும் றோல் மாற்றியதும் மட்டும்தான் எழுதியிருக்கும்.

முதல் வேலை, ஒரு ஷிப்டுக்கு ஓ.ஈ.ஈ. கணக்குப் போடுவது, அதாவது ஓடவேண்டிய நேரத்தில் வரக்கூடிய பக்கெற்றில் எத்தனை வீதம் நல்லதாக வந்தது என்று பார்ப்பது. சாப்பாட்டு நேரம் கழித்து ஓடவேண்டியது 420 நிமிடம். கொப்பியில் உள்ள நிறுத்தங்கள் 60 நிமிடம். மெசினின் வேகம் நிமிடத்துக்கு 30 பக்கெற். வந்தது 6,480, அதில் நல்லது 6,156.

```
கிடைப்பு  = 360 / 420        = 85.7%
வேகம்    = 6480 / (360 × 30) = 60%
தரம்     = 6156 / 6480       = 95%
ஓ.ஈ.ஈ.   = மூன்றின் பெருக்கம்  ≈ 49%
```

கிடைப்பு பரவாயில்லை. அடி வாங்கியிருப்பது வேகம்தான். இரண்டு நிமிடம் நின்றதை யாரும் எழுதுவதில்லை, அதனால் அது 'ஓடிய நேரம்' என்று கணக்கில் ஏறி, வேகத்தை இழுத்து விழுத்துகிறது. 6,480 பக்கெற்றுக்கு 216 நிமிடம் போதும். மிச்சம் 144 நிமிடம் எங்கே போனது?

அதைப் பிடிக்க மெசினோடு ஒரு தாளைக் கட்டிவிடுங்கள். நிற்கும் ஒவ்வொரு தடவையும் நின்ற இடத்துக்கு நேரே ஒரு கோடு. காரணம் எழுதச் சொல்லாதீர்கள்; இடம் போதும். இந்த ஷிப்டில் 62 கோடு: பிலிமின் அடையாளத்தைப் பார்க்கும் சென்சரில் 31, ஒட்டும் தாடையில் 17, மற்றவை 14.

அடுத்தது ரி.பி.எம்., அதாவது மெசினை ஓட்டுபவர்களும் சேர்ந்து அதைப் பராமரிக்கும் முறை. இதில் ஒபரேட்டர் செய்யும் முதல் படி துப்புரவு, ஆனால் பளபளப்புக்காக அல்ல. துடைக்கும்போதுதான் தளர்ந்த ஆணியும் கிழிந்த றப்பரும் கையில் படும். மின்சாரத்தை நிறுத்தி, தாடை ஆறியபின் தொடங்குங்கள். தாடைப் பல்லில் ஒட்டியதைப் பித்தளைத் தூரிகையால் எடுங்கள், கத்தி வேண்டாம். காற்றடித்து மாவை விரட்டுவது நம்மூரில் எல்லோரும் செய்வது. அது மாவைப் பக்கத்து பெயரிங்குக்குள்தான் அனுப்பும். காற்றில் திரளும் மாத்தூசி தீப்பிடிக்கவும் கூடும். வக்யூம் நல்லது.

துடைத்து ஒரு மணித்தியாலத்தில் சென்சர் திரும்பவும் வெள்ளையானால், மாவு எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும். இங்கே மா இறங்கும் குழாயின் மூட்டில் றப்பர் கிழிந்திருந்தது. ஒபரேட்டர் அக்கா அந்த இடத்தில் சிவப்புச் சீட்டுக் கட்டினார், மெக்கானிக் மாற்றினார். பக்கெற்றின் ஒட்டில் மா சிக்கிக் கசிவதும் இதே தூசியால்தான், ஆகவே தரமும் கொஞ்சம் ஏறும்.

பிறகும் அதே தாளில் கோடு போடுங்கள். சென்சரின் 31 இறங்கினால் தாடைக்குப் போகலாம். இறங்காவிட்டால் பிலிம் ஒரு பக்கம் இழுபடுகிறதா, அச்சடித்த அடையாளம் மங்கலா என்று பாருங்கள். கணக்கு அழகாக வரட்டும் என்று மெசினின் வேகமான 30ஐ 25 ஆக்கிவிடாதீர்கள். அப்படிச் செய்தால் வேகம் 72% என்று காட்டும், பெட்டியில் ஒரு பக்கெற்கூட அதிகமாகாது.