காதல் கல்யாணமா, வீட்டில் பார்க்கும் கல்யாணமா? ஐந்தாம், ஏழாம் வீடுகளை இணைத்துப் பார்க்கும் முறை

ஐந்தில் சுக்கிரன் இருந்தால் காதல் கல்யாணம் என்று ஒரே வரியில் சொல்லிவிடுவதுதான் புதிதாகப் படிப்பவர்கள் பலரும் செய்யும் தவறு. ஜோதிட மரபில் ஐந்தாம் வீடு மனம் ஒருவரை விரும்புவதைக் காட்டும், ஏழாம் வீடு தாலி கட்டுவதைக் காட்டும். ஐந்து மட்டும் பலமாக இருந்தால் விருப்பம் உண்டு, அவ்வளவே. அந்த விருப்பம் கல்யாணத்தில் போய் முடிய வேண்டுமென்றால் இரண்டு வீடுகளுக்கும் இடையில் ஒரு தொடர்பு வேண்டும். அந்தத் தொடர்பைக் கண்டுபிடிப்பதும், அதற்கு எவ்வளவு எடை கொடுக்கலாம் என்பதும்தான் இந்தப் பாடம்.

முதலில் கட்டத்தைச் சரியாக வாசியுங்கள்

மார்த்தாண்டம், களியக்காவிளை, நாகர்கோவில் பக்கம் 1956 வரை திருவிதாங்கூர் மரபுதான். இன்றும் பல வீடுகளில் ஜாதகம் கொல்லம் ஆண்டுக் கணக்கில், மலையாள எழுத்தில் இருக்கும். அதைத் தமிழில் எடுத்தெழுதும்போது பெரிய குழப்பம் வரும். மலையாளக் கட்டத்தில் செவ்வாய்க்குக் குஜன் என்பதன் முதல் எழுத்தைப் போடுவார்கள். தமிழில் அது 'கு' ஆகிவிடும், நாம் குரு என்று படித்துவிடுவோம். 'ம' என்பது மந்தன், அதாவது சனி. 'மா' என்பது மாந்தி. 'ஸ' சர்ப்பன், ராகு. 'சி' சிகி, கேது. கட்டத்தில் இரண்டு 'கு' இருந்தால் மூல ஜாதகத்தை வாங்கிப் பார்த்துவிட்டுத் தொடருங்கள்.

தேதியிலும் கவனம் தேவை. பழைய கணக்கில் நாள் சூரிய உதயத்தில்தான் தொடங்கும். அதிகாலை நான்கு மணிக்குப் பிறந்த குழந்தைக்கு முந்தின நாளை எழுதி, நாழிகை மட்டும் 54, 55 என்று போட்டிருப்பார்கள். ஒரு நாழிகை 24 நிமிடம். அந்தத் தேதியை அப்படியே கணினியில் கொடுத்து நேரம் அதிகாலை 4 என்று போட்டால் ஒரு முழு நாள் பின்னால் போய்விடும். சந்திரனும் தசைக் கணக்கும் தவறிவிடும்.

இரண்டு அதிபதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள்

லக்னத்தை ஒன்றாக வைத்து எண்ணுங்கள். ஐந்தாவது ராசிக்கும் ஏழாவது ராசிக்கும் யார் அதிபதி என்று எழுதுங்கள். பிறகு அந்த இருவரும் எப்படித் தொடர்புபடுகிறார்கள் என்று பாருங்கள். வீடு மாறி உட்கார்ந்திருக்கும் பரிவர்த்தனைதான் வலுவானது. அடுத்தது ஒரே ராசியில் சேர்க்கை, அதற்கடுத்தது ஒருவரையொருவர் பார்ப்பது. ஐந்துக்குடையவர் ஏழில், அல்லது ஏழுக்குடையவர் ஐந்தில் இருப்பதும் தொடர்புதான். ஒருவர் மட்டும் மற்றவருடைய வீட்டைப் பார்ப்பது கடைசி நிலை. எல்லாக் கிரகத்துக்கும் ஏழாம் பார்வை உண்டு. செவ்வாய்க்கு 4, 8, குருவுக்கு 5, 9, சனிக்கு 3, 10 ஆகியவை கூடுதல் பார்வைகள்.

தொடர்பு கிடைத்தால் அதன் எடையைப் பாருங்கள்

பலரும் விட்டுவிடும் படி இது. எல்லா லக்னத்துக்கும் சேர்க்கையின் மதிப்பு ஒன்றல்ல.

கும்ப லக்னத்துக்கு ஐந்துக்குடையவர் புதன், ஏழுக்குடையவர் சூரியன். புதன் சூரியனை விட்டு 28 பாகைக்கு மேல் விலகவே மாட்டார். ஆகவே கும்ப லக்னக்காரர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இந்தச் சேர்க்கை தானாகவே அமைந்துவிடும். அதை மட்டும் வைத்துக் காதல் கல்யாணம் என்று சொன்னால் பலருக்கும் தவறாகப் போகும். மேஷ லக்னத்துக்குச் சூரியனும் சுக்கிரனும் அதிபதிகள். அங்கும் இதே எச்சரிக்கை, கொஞ்சம் குறைவாக.

சிம்மத்துக்கும் கன்னிக்கும் சிக்கல் வேறு. இரண்டுக்கும் அதிபதிகள் குருவும் சனியும்தான். இவர்கள் சேர்வது ஏறத்தாழ 20 ஆண்டுக்கு ஒருமுறை. சேர்ந்தால் மாதக்கணக்கில் ஒரே ராசியில் இருப்பார்கள். 2000 ஜூன் முதல் ஏறத்தாழ ஓராண்டு இருவரும் ரிஷபத்தில் இருந்தார்கள். அந்தக் காலத்தில் பிறந்து இன்று வரன் பார்க்கும் வயதில் இருக்கும் சிம்ம, கன்னி லக்னப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் ஐந்து, ஏழு அதிபதிகள் சேர்ந்தேதான் இருப்பார்கள். இப்படிப் பலருக்கும் பொதுவான தொடர்பு வந்தால் சுக்கிரன், சந்திரன், ஐந்தாம் வீடு ஆகியவற்றிலிருந்து இன்னொரு சாட்சி வேண்டும்.

ஒரு ஜாதகத்தைப் போட்டுப் பார்ப்போம்

மாதிரிக்காகக் கணித்தது: 2000 நவம்பர் 3, அதிகாலை 4 மணி, நாகர்கோவில், லாகிரி அயனாம்சம். லக்னம் கன்னி, அதில் செவ்வாய். துலாமில் சூரியனும் புதனும். விருச்சிகத்தில் சுக்கிரன், தனுசில் கேது, மகரத்தில் சந்திரன் (உத்திராடம் 2-ஆம் பாதம்), ரிஷபத்தில் குருவும் சனியும், மிதுனத்தில் ராகு.

ஐந்தாம் வீடு மகரம், அதிபதி சனி. ஏழாம் வீடு மீனம், அதிபதி குரு. இருவரும் ஒன்பதாம் வீடான ரிஷபத்தில் சேர்ந்திருக்கிறார்கள். ஆனால் இது அந்த வருடத்துக்கே பொதுவான சேர்க்கை என்று பார்த்தோம். ஆகவே கூடுதல் சாட்சியைத் தேடுவோம்.

ரிஷபத்திலிருந்து குருவின் ஒன்பதாம் பார்வை மகரத்தில் விழுகிறது. ஏழுக்குடையவர் ஐந்தாம் வீட்டையே பார்க்கிறார், அங்கே சந்திரனும் இருக்கிறார். சந்திரன் ஒரு ராசியில் இருப்பது இரண்டேகால் நாள்தான் என்பதால் இது எல்லோருக்கும் கிடைக்கும் அமைப்பல்ல. சுக்கிரன் விருச்சிகத்திலிருந்து ரிஷபத்தைப் பார்க்கிறார், குருவும் சனியும் திரும்ப அவரைப் பார்க்கிறார்கள். காதலுக்குக் காரகன் இரண்டு அதிபதிகளோடும் தொடர்பு கொண்டிருக்கிறார். குரு நவாம்சத்திலும் ரிஷபத்திலேயே இருப்பதால் வர்கோத்தமம். ஏழுக்குடையவர் பலவீனமில்லை. இப்போது தொடர்பு உறுதி என்று சொல்லலாம்.

இனி, வீட்டார் சம்மதம். சேர்க்கை நடந்த இடம் ஒன்பது, தகப்பனாரையும் பெரியவர்களையும் காட்டும் வீடு. அந்த வீட்டுக்குடைய சுக்கிரனே குடும்ப ஸ்தானமான இரண்டுக்கும் அதிபதி. ஐந்திலோ ஏழிலோ ராகு, கேது இல்லை. ஆகவே பிள்ளை விரும்பிச் சொல்லி, வீட்டார் பேசி முடித்து நடத்தும் கல்யாணம் என்பதே சரியான பலன். சனி கூட இருப்பதால் சம்மதம் தாமதமாக வரும். லக்னத்துச் செவ்வாய் ஏழாம் வீட்டைப் பார்ப்பதால் நடுவில் வாக்குவாதமும் இருக்கும். இதே சேர்க்கை எட்டிலோ பன்னிரண்டிலோ நடந்து, ஏழில் ராகுவும் இருந்திருந்தால் வீட்டை மீறிய கல்யாணம் என்று பேச இடமுண்டு.

காலத்தைத் தசையில் பாருங்கள். இவருக்கு ராகு தசையில் குரு புக்தி 2024 முற்பகுதியில் தொடங்கி 2026 பிற்பகுதி வரை. அதன்பின் 2029 வரை சனி புக்தி. ஏழுக்குடையவரும் ஐந்துக்குடையவரும் அடுத்தடுத்து வருகிறார்கள். இந்த இரண்டு புக்திகளுக்குள் பேச்சு கூடிவரும் என்று சொல்லலாம். மாதம், தேதி என்று இறங்க இவ்வளவு விவரம் போதாது.

நேரம் தவறினால் என்ன ஆகும்

லக்னம் ஏறத்தாழ நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை நகரும். மேலே கண்ட ஜாதகத்தில் கன்னி 13-ஆம் பாகையில் லக்னம் விழுவதால், சொன்ன நேரத்தில் அரை மணி முன்பின் இருந்தாலும் பலன் மாறாது. லக்னம் ராசியின் முதல் மூன்று பாகையிலோ கடைசி மூன்று பாகையிலோ நின்றால் பிறந்த நேரத்தை மருத்துவமனைச் சீட்டோடு ஒப்பிடாமல் பலன் சொல்லக்கூடாது.

அதே நாள், அதே ஊர், காலை 5.45 மணி என்று வைத்துப் பாருங்கள். லக்னம் துலாம் ஆகிவிடும். ஐந்துக்குடையவர் சனி எட்டில், ஏழுக்குடையவர் செவ்வாய் பன்னிரண்டில். சேர்க்கை இல்லை, பரிவர்த்தனை இல்லை, ஒருவர் பார்வை மற்றவர் மேலோ மற்றவர் வீட்டிலோ விழவுமில்லை. சனி தன் பத்தாம் பார்வையால் தன் சொந்த வீடான கும்பத்தைப் பார்க்கிறார், செவ்வாய் எட்டாம் பார்வையால் தன் சொந்த மேஷத்தைப் பார்க்கிறார். விருப்பம் ஒரு பக்கம், கல்யாணம் இன்னொரு பக்கம். காதல் வந்தாலும் அது தாலி வரை போவதற்கான தொடர்பு இந்த ஜாதகத்தில் இல்லை. வீட்டில் பார்க்கும் வரனே முடியும் என்று சொல்ல வேண்டியது இங்கேதான்.